ஆயில் பார்ப்பதும் ஃபில்டர் மாற்றுவதும்: கீழ்புத்துப்பட்டில் தொழில் பழகும் இளம் மெக்கானிக்குக் கடிதம்

என்ஜின் ஆயிலின் அளவு என்று கேஜ் காட்டுவது, சேம்பரில் தேங்கி நிற்கும் ஆயிலின் மட்டத்தை மட்டுமே. அந்த மட்டம் உண்மையாக இருக்க இரண்டு விஷயங்கள் கூடி வர வேண்டும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஓட்டத்தில் மேலே ஏறிய ஆயில் திரும்பி வந்து சேர்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினால் கம்பியில் தெரியும் கோட்டுக்கும் என்ஜினில் இருக்கும் ஆயிலுக்கும் சம்பந்தம் இல்லாமல் போகும். ஆயில் குறைந்து சீஸ் ஆன என்ஜின்களில் ஆயிலே பார்க்காமல் விட்டவை உண்டு. தவறாகப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று நம்பி ஓட்டியவையும் உண்டு. இரண்டாவது வகையைத் தடுப்பது மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டுக்கும் மரக்காணத்துக்கும் நடுவே ஒரு பட்டறையில் நிற்கும் என்ஜின்கள் ஒரே ரகம் அல்ல. உப்பு மூட்டை ஏற்றும் குட்டி யானையும் பிக்கப்பும் வரும். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு வரும் வெளியூர்க் கார் ஒன்று சிவப்பு விளக்கு எரிகிறது என்று ஓரங்கட்டும். புல்லட்டும் பல்சரும் ஸ்பிளெண்டரும் அன்றாடம் வரும். உப்பளத்தில் நீர் இறைக்கும் ஆயில் என்ஜின் பட்டறைக்கு வராது. பாத்திக்குத்தான் மெக்கானிக் போக வேண்டும். இவற்றில் ஆயில் பார்க்கும் முறை ஒன்றுக்கொன்று மாறும். ஒரு வண்டியில் சரியாக இருக்கும் பழக்கம் இன்னொன்றில் தப்பாகிவிடும்.

முதலில் தரை. ஈசிஆரின் ஓரம் மழைநீர் வடிவதற்காகச் சரிவாகப் போடப்பட்டது. சாலையை விட்டு இறங்கினால் மணல். ஒரு சக்கரம் புதைந்து ஒரு சக்கரம் மேலே நிற்கும். ஒரு மீட்டருக்கு 5 செ.மீ. சரிவு என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கேஜ் இறங்கும் இடம் சேம்பரின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருந்தால், அந்தச் சரிவே கம்பியில் 1 செ.மீ. வித்தியாசம் காட்டும். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியே பல வண்டிகளில் ஒன்றரை, இரண்டு செ.மீ.தான். பாதி அளவு சரிவிலேயே போய்விடுகிறது. பட்டறைக்குள் ஒரே ஒரு இடத்தில் சிமெண்டுத் தரை போட்டு, கொத்தனாரின் ரசமட்டத்தை இரு திசையிலும் வைத்துப் பார்த்து, அந்த இடத்தைப் பெயிண்டால் குறித்துவிடுவது நல்லது. மற்ற கருவிகளுக்குச் செலவு செய்வதற்கு முன் இதற்குச் செலவு செய்யலாம்.

அடுத்தது நேரம். ஓடிக்கொண்டிருந்த என்ஜினை நிறுத்தியதும் ஆயிலில் ஒரு பகுதி ஹெட்டிலும் வால்வுகளின் மேலும் ஓட்டைகளின் வழியிலும் இருக்கும். அது வடிந்து கீழே வரச் சில நிமிடங்கள் ஆகும். உடனே கேஜை உருவினால் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து ஊற்றினால் கூடிவிடும். பெரும்பாலான கார்களுக்கு 5 முதல் 10 நிமிடம் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் பார்ப்பதும் சரியே. ஆனால் குளிர்ந்த ஆயிலும் சூடான ஆயிலும் ஒரே மட்டம் காட்டாது. 4 லிட்டர் ஆயில் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 150 மில்லிக்கு மேல் விரிந்துவிடும். எனவே போன முறை காலையில் பார்த்ததையும் இந்த முறை மத்தியானம் பார்த்ததையும் ஒப்பிட்டு ‘ஆயில் குடிக்கிறது’ என்றோ, ‘குடிக்கவில்லை’ என்றோ முடிவு கட்ட முடியாது. எந்த வண்டிக்குக் குளிர்ந்த நிலை, எதற்குச் சூடான நிலை என்பதைக் கம்பெனி கொடுத்த கையேடு சொல்லும். அதற்கு எதிராகப் பட்டறைப் பழக்கம் எதுவும் செல்லாது.

கேஜை முதல் முறை உருவும்போது தெரியும் கோடு கணக்கில் சேராது. ஓட்டத்தில் ஆயில் சிதறிக் குழாய் முழுக்க ஒட்டியிருக்கும். உருவி, துடைத்து, கடைசி வரை அழுத்திச் செருகி, மறுபடி உருவித்தான் படிக்க வேண்டும். துடைக்கும் பனியன் வேஸ்ட்டிலிருந்து நூல் உதிர்ந்து கம்பியின் நுனியில் தொங்குவது சகஜம். அந்த நூல் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நூல் உதிராத பழைய வேட்டித் துணி இன்னும் மேல். உருவிய கம்பியை நுனி மேலே இருக்கும்படி தூக்கிப் பிடித்தால் ஆயில் பிடியை நோக்கி ஓடி, கோடு உயர்ந்து தெரியும். நுனி சற்றுத் தாழ்ந்து இருக்கட்டும், அல்லது கம்பி கிடையாக இருக்கட்டும்.

கம்பிக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது பலருக்கு நினைவு வருவதில்லை. குழாயின் சுவரில் உரசி வரும் பக்கத்தில் ஆயில் இழுபட்டு மேலே தீற்றலாக நிற்கும். மறுபக்கத்தில் கோடு தாழ்ந்து, விட்டுப்போகாமல் ஒரே சீராக இருக்கும். அந்தத் தாழ்ந்த கோடுதான் மட்டம். புதிதாக ஆயில் மாற்றிய வண்டியில் இன்னொரு தொல்லை: ஆயில் கண்ணாடி போல் தெளிந்திருப்பதால் கோடே தெரியாது. கம்பியை ஒரு டிஷ்யூ தாளின் மேல் கிடத்தினால், ஆயில் இருக்கும் இடம் வரை தாள் ஊறிக் காட்டிக்கொடுக்கும்.

மரையுள்ள மூடியோடு வரும் கேஜ் தனிக் கதை. ஸ்பிளெண்டர் வகை 100 சிசி வண்டிகளில் ஆயில் ஊற்றும் மூடியே கேஜ். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, என்ஜினை 3 முதல் 5 நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2, 3 நிமிடம் பொறுத்து, மூடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். பிறகு மரையை முறுக்காமல், மூடியைத் துளையின் விளிம்பில் உட்காரவைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். முறுக்கிவிட்டுப் பார்த்தால் மரையின் நீளம் அளவுக்குக் கம்பி கூடுதலாக ஆயிலுக்குள் இறங்கும். இந்தப் பிழை எப்போதும் ஆபத்தான பக்கத்துக்கே சாயும். ஆயில் உண்மையில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கும். கம்பியோ நடுவில் நிற்பதாகக் காட்டும். மொத்தமே ஒரு லிட்டரை ஒட்டிப் பிடிக்கும் என்ஜினில் 200 மில்லி குறைவது சின்ன விஷயம் அல்ல. அதே சமயம், எல்லா மரைக் கேஜும் இப்படித்தான் என்றும் நினைத்துவிடக் கூடாது. சில சிறிய பெட்ரோல் என்ஜின்களில் முழுக்க முறுக்கிப் பார்க்கும்படியே கோடு போட்டிருப்பார்கள். கையேடு இல்லாத என்ஜின் கைக்கு வந்தால், முதல் முறை ஆயிலை முழுக்க வடித்து, கம்பெனி சொன்ன அளவை அளந்து ஊற்றி, எந்த முறையில் பார்த்தால் மேல்கோடு காட்டுகிறது என்று கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஆயில் கண்ணாடி வைத்த பைக்குகளில் துடைக்கும் வேலை இல்லை, திறக்கும் வேலை இல்லை. அதனாலேயே தப்பும் சுலபமாக நடக்கிறது. புல்லட்டிலும் பல்சரிலும் கண்ணாடி வலது பக்கத்தில் இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடது பக்கம் சாயும். ஆயிலும் இடது பக்கம் போய்விடும். கண்ணாடி காலியாகத் தெரியும். “அண்ணே, ஆயிலே இல்ல” என்று பையன் கால் லிட்டர் ஊற்றுவான். நிமிர்த்தி வைத்தால் கண்ணாடி மேல் விளிம்பு வரை மூழ்கியிருக்கும். கூடிய ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போய்ச் சேரும். பத்து நாள் கழித்து, ‘வண்டி இழுக்கவில்லை, ஏர் ஃபில்டரில் எண்ணெய் ஊறியிருக்கிறது’ என்று வண்டி திரும்பி வரும்போது யாருக்கும் சைடு ஸ்டாண்டு நினைவுக்கு வராது.

சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியானால் ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து நேராகப் பிடிக்க, இன்னொருவர் குனிந்து கண்ணாடியின் நேர்மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கோடு இடம் மாறித் தெரியும். கண்ணாடி முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் அது முழுக்க நிரம்பியதா, முழுக்கக் காலியா, அல்லது பழைய ஆயிலின் கறை படிந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. வண்டியை மெல்ல இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு நகர்ந்தால் அது ஆயில். எவ்வளவு சாய்த்தும் அசையாமல் இருந்தால் அது கறை. உள்ளே பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் போய்வரும் வண்டியில் என்ஜின் போதிய அளவு சூடேறாமல், உள்ளே வியர்த்த ஈரம் ஆவியாகாமல் இப்படி ஆவது உண்டு. அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டியதும் வெளுப்பு மறைந்தால் கவலை இல்லை. மறையாவிட்டால் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும்.

திருவொற்றியூர் ஆலையில் இருந்து வந்த பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட்டுகள் இன்னும் இந்தச் சாலையில் ஓடுகின்றன. அவற்றில் ஆயில் நிற்பது என்ஜினோடு சேர்ந்த ஒரு தனித் தொட்டியில். பம்பு அங்கிருந்து எடுத்து, சுற்றவிட்டு, மறுபடி அங்கேயே கொண்டுவந்து விடும். பல நாள் நிறுத்தி வைத்தால் தொட்டியில் உள்ள ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அப்போது கேஜைப் பார்த்தால் வறண்டு வரும். ஊற்றக் கூடாது. ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டால் ஆயில் தொட்டிக்குத் திரும்பும். அதன் பிறகு பார்ப்பதே அளவு. மற்ற வண்டிகளில் நிறுத்திப் பொறுத்திருந்து பார்க்கும் வழக்கம் இங்கே தலைகீழாகிறது.

உப்பளத்து ஆயில் என்ஜினில் வேறு விதமான பிழை வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உப்பு உற்பத்தி நின்றுவிடும். என்ஜின்கள் மாதக்கணக்கில் கொட்டகையில் கிடக்கும். மழை ஓய்ந்து பாத்தி திருத்தும் வேலை தொடங்கும்போது மெக்கானிக்குக்கு ஆள் வரும். அங்கே முதலில் பார்க்க வேண்டியது என்ஜின் உட்கார்ந்திருக்கும் கட்டை. வரப்பின் ஈர மண்ணில் ஒரு பக்கம் இறங்கியிருந்தால், சாலையோரச் சரிவில் நடந்த அதே பிழை இங்கே நிரந்தரமாக நடந்துகொண்டிருக்கும். அடுத்துப் பார்க்க வேண்டியது கேஜ் கம்பியே. உப்புக் காற்றில் கம்பி துருவேறி, கோடுகள் அரித்து மறைந்துபோயிருக்கும். துருத் தூளோடு கம்பியை உள்ளே செருகுவது ஆயிலில் மணல் போடுவதற்குச் சமம். உருவுவதற்கு முன்பே கேஜின் வாயைச் சுற்றிப் பிரஷ்ஷால் தட்டித் துடைத்துவிட வேண்டும்.

இந்த என்ஜின்களில் அளவு குறைவதைவிட அளவு ஏறுவது கவனிக்கத்தக்கது. “தம்பி, நம்ம என்ஜின் ஆயிலே குடிக்காது, போன வருஷம் ஊத்துனது அப்படியே நிக்குது” என்று உரிமையாளர் பெருமையாகச் சொல்வார். ஓடும் டீசல் என்ஜின் கொஞ்சமாவது ஆயிலை எரிக்கும். மட்டம் குறையவே இல்லை என்றாலும், ஏறியிருக்கிறது என்றாலும், வேறு ஏதோ உள்ளே வந்து சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகிறது என்றே பொருள். டீசல் பம்பின் சீல் தேய்ந்து டீசல் சேம்பரில் இறங்கலாம். ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். கேஜ் நுனியிலிருந்து ஒரு சொட்டை மை உறிஞ்சும் தாளில் விட்டு ஒரு மணி நேரம் வைத்தால், நடுவில் கருமையும் அதைச் சுற்றி வெளிறிய அகன்ற வளையமும் பரவினால் டீசல் கலந்திருக்கக்கூடும். மூக்கும் அதையே சொல்லும். இன்னொரு சொட்டைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டால், தண்ணீர் இருந்தால் சடசடவென்று வெடிக்கும். டீசல் கலந்த ஆயில் இளகிப்போய் பேரிங்கைக் காப்பாற்றாது. மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு: பிரீதர் வழியாக ஆயில் மூச்சோடு உள்ளே இழுக்கப்பட்டு, அதையே எரிபொருளாக வைத்து டீசல் என்ஜின் தன் போக்கில் வேகமெடுக்கும். லீவரை இழுத்தாலும் நிற்காது. காற்று வழியை அடைத்தால்தான் நிற்கும்.

அதனால் அளவு கூடினாலும் நல்லது என்ற எண்ணம் தப்பு. மேல்கோட்டுக்கு மேல் போன ஆயிலைக் கிராங்க் அடித்து நுரையாக்கும். நுரையைப் பம்பு இழுத்தால் அழுத்தம் விழும். குறைவாக இருந்தால் எந்த விளக்கு எரியுமோ, கூடுதலாக இருந்தாலும் அதே விளக்கு எரியலாம். குறைந்ததைச் சேர்க்கும்போது 100, 200 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். இரு கோடுகளுக்கு நடுவில் எவ்வளவு பிடிக்கும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். பல கார்களில் அது ஏறக்குறைய 1 லிட்டர். பைக்கில் அதில் ஒரு சிறு பங்குதான்.

இனி ஃபில்டர். ஸ்பிளெண்டர் வகை வண்டிகளில் மாற்றுவதற்குக் காகித ஃபில்டர் கிடையாது. சுழலும் கிண்ணம் ஒன்று அழுக்கை வெளிப்புறமாக வீசி ஒதுக்கும். அடியில் ஒரு சல்லடை இருக்கும். இரண்டையும் கழுவித் துடைக்கலாம், அவ்வளவுதான். அந்த வண்டிக்கு ‘ஆயில் ஃபில்டர் மாற்றியது’ என்று பில் எழுதுகிறவரைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை.

கார், பிக்கப், குட்டி யானை போன்றவற்றில் இருப்பது முறுக்கிப் பூட்டும் டப்பா ஃபில்டர். ஆயிலுக்கு ஃபில்டர் என்ற யோசனை காருக்கு வந்தது 1923இல், அமெரிக்காவில். முறுக்கிப் பூட்டி, பழசானதும் தூக்கிப் போடும் டப்பா 1950களில் வந்தது. டப்பாவின் அடித்தட்டில் நடுவே மரையுள்ள பெரிய துளை. அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். ஓரத்தில் ரப்பர் வளையம். அழுக்கு ஆயில் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய், மடித்து வைத்த காகிதத்தை ஊடுருவி, நடுத்துளை வழியாகச் சுத்தமாக வெளியேறும்.

உள்ளே இரண்டு வால்வுகள் இருக்கலாம். ஒன்று, என்ஜின் நின்றதும் டப்பாவில் உள்ள ஆயில் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர். அது கெட்டால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில வினாடிகள் வால்வு பக்கம் தடதடக்கும். இன்னொன்று பைபாஸ். காகிதம் அடைத்துக்கொண்டால் அது திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே விட்டுவிடும். சில என்ஜின்களில் இந்த வால்வு டப்பாவில் இல்லாமல் என்ஜினிலேயே இருக்கும். ஆகவே அடைத்த ஃபில்டரால் என்ஜினுக்கு ஆயில் நின்றுபோகாது, விளக்கும் எரியாது, அழுக்கு மட்டும் பேரிங்கில் சுற்றிக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர் ‘வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, ஃபில்டர் அடுத்த முறை பார்க்கலாம்’ என்று சொல்வதற்குக் காரணமும் இதுவே.

கடையில் கிடைக்கும் டப்பா வண்டியின் டப்பா மாதிரியே இருக்கிறது என்பது போதாது. 20 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் கொண்ட மரை ஒரு வகை; முக்கால் அங்குலத்தில், அங்குலத்துக்கு 16 மரை உள்ளது இன்னொரு வகை. முக்கால் அங்குலம் என்பது 19 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே 20 மி.மீ. டப்பா முக்கால் அங்குலத் தண்டில் லொடலொடவென்று ஏறி, இறுகியது போலவும் நின்றுவிடும். என்ஜின் சூடாகி அழுத்தம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு போகும். ஆயில் முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் சாலையில் கிடக்கும். பகுதி எண்ணைப் பார்த்து வாங்குவதும், பழைய டப்பாவையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மரை, ரப்பர் வளையத்தின் அகலம், நடுத்துளை ஆகியவற்றை ஒப்பிடுவதும் ஒரு நிமிட வேலை.

கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்து 3.5 லிட்டர் என்று போட்டிருக்கும் ஒரு உப்பு பிக்கப் வேலைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கேஜைப் பார்த்து, இருக்கும் மட்டத்தை எழுதிக்கொள்ள வேண்டும். என்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வடித்தால் அடியில் படிந்த அழுக்கும் சேர்ந்து வரும். ஆயில் மூடியைத் திறந்துவிட்டுத்தான் ட்ரெய்ன் நட்டைக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் குபுக் குபுக்கென்று விழும். வடியும் ஆயிலை அளவுக் கோடு போட்ட கேனில் பிடிக்க வேண்டும். 2.7 லிட்டர்தான் வந்தது என்றால், ஃபில்டரில் நின்றது 300 மில்லி, உள்ளே ஒட்டியது கொஞ்சம் போக, அரை லிட்டரை ஒட்டி இந்தச் சுற்றில் செலவாகியிருக்கிறது. எங்கே போனது என்று வண்டியின் அடியைப் பார்க்க இதுதான் நேரம். கசிவு இல்லையென்றால் எரிந்திருக்கிறது. ட்ரெய்ன் நட்டின் நுனியில் ஒட்டிய கசடை விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பார்த்தால், மாவு போல் சாம்பல் நிறத்தில் இருப்பது இயல்பு. ஊசி மாதிரி, செதில் மாதிரி மின்னினால் உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட வேண்டும்.

கடலோரத்தில் டப்பாவின் அடி விளிம்பு துருவேறிப் போயிருப்பது வழக்கம். கழற்றுவதற்கு முன்பே அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, துருச் செதில்களை அகற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகு தேய்த்தால் எல்லாம் திறந்த துளைக்குள் விழும். இறுகிய டப்பாவில் ஸ்குரூடிரைவரைக் குத்தித் திருகுவது பல பட்டறைகளில் நடக்கிறது. துருப்பிடித்த தகடு கிழிந்து, அடித்தட்டு மட்டும் என்ஜினோடு தங்கிவிடும். பிறகு உளி வைத்துத் தட்ட வேண்டிவரும். அடிப்பக்கத்தை ஒட்டிப் பிடிக்கும் பெல்ட்டோ செயினோ போட்டால் தகடு நசுங்காமல் வரும்.

டப்பா கையில் வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பழைய ரப்பர் வளையம் டப்பாவோடு வந்ததா? வெயிலிலும் சூட்டிலும் காய்ந்த ரப்பர் என்ஜின் முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு மேல் கறுப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் சுற்றித் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புது ஃபில்டரைப் பூட்டினால் முதலில் கசியாது. இரண்டு ரப்பர்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு நிற்கும். என்ஜினைக் கொஞ்சம் முறுக்கியதும் ஒன்று பிதுங்கி வெளியே வரும். அப்புறம் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஃபில்டர் மாற்றிய அன்றே என்ஜின் போன வண்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இரட்டை வளையத்தைத்தான்.

புது டப்பாவை அட்டைப் பெட்டியிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுப்பது நல்லது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழுந்தால் மணலும் எழும்; காற்று அடிக்கும் திசையில் திறந்த ஃபில்டரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவ வேண்டும், கிரீஸ் வேண்டாம். டப்பா வாய் மேலாக நிற்கும் வண்டியானால் உள்ளே ஆயில் நிரப்பிப் பூட்டலாம். ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் சீக்கிரம் வரும். ஆனால் ஓரத்துச் சின்னத் துளைகளில்தான் ஊற்ற வேண்டும். நடுத்துளையில் ஊற்றினால் கேனின் வாயில் இருந்த தூசி வடிகட்டப்படாமல் நேராகப் பேரிங்குக்குப் போகும். பக்கவாட்டில் படுத்து நிற்கும் ஃபில்டரை நிரப்ப முடியாது. நிரப்ப வேண்டியதும் இல்லை.

கையால் முறுக்கி, ரப்பர் முகத்தைத் தொட்டதும் டப்பாவில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து முக்கால் சுற்று. டப்பாவின் மேலேயே அளவு அச்சடித்திருந்தால் அதன்படி. ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ரப்பர் நசுங்கி அப்போதும் கசியும், அடுத்த முறை கழற்றுபவர் பாடும் திண்டாட்டம்தான். ட்ரெய்ன் நட்டுக்குப் புது வாஷர் போட வேண்டும். அலுமினிய சேம்பரில் பலம் கொண்டமட்டும் இறுக்கினால் மரை பிடுங்கிக்கொள்ளும். வாஷர் நசுங்கி உட்காரும் அளவு போதும், டார்க் ஸ்பேனர் இருந்தால் கையேடு சொல்லும் எண்.

3.5 லிட்டரையும் ஒரேயடியாக ஊற்றத் தேவையில்லை. முதலில் 3 லிட்டர். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், விளக்கு அணைகிறதா என்று பார்க்க வேண்டும். காலி ஃபில்டர் நிரம்பும் வரை சில வினாடிகள் விளக்கு எரியும். டர்போ உள்ள வண்டியில் அந்த வினாடிகளில் முறுக்கினால் டர்போவின் பேரிங் வறண்டு சுற்றும். பத்து வினாடிக்கு மேல் எரிந்தால் அணைத்துவிட்டுக் காரணம் தேட வேண்டும். விளக்கு அணைந்ததும் ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஃபில்டரின் விளிம்பையும் ட்ரெய்ன் நட்டையும் டார்ச் அடித்துப் பார்த்து நிறுத்தலாம். பத்து நிமிடம் கழித்துக் கேஜைப் பார்த்தால் ஸ்டார்ட் செய்வதற்கு முன் இருந்ததைவிட மட்டம் இறங்கியிருக்கும், ஏனென்றால் ஃபில்டர் தன் பங்கை எடுத்துக்கொண்டது. ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே மேல்கோட்டைப் பார்த்துத் திருப்தியாகி வண்டியை அனுப்பிவிட்டால், அது ஃபில்டர் பிடிக்கும் அளவுக்குக் குறைவோடு போகிறது. மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிறுத்துவது சரி. மறுநாளோ, மூட்டை ஏற்றி ஒரு நடை போய்வந்த பிறகோ இன்னொரு முறை பார்த்தால் கசிவு இருந்தால் தெரிந்துவிடும்.

ஃபில்டர் மாற்ற வேண்டிய பல பைக்குகளில் டப்பாவுக்குப் பதில் மூடிக்குள் உட்காரும் சின்னக் காகித ஃபில்டர் இருக்கும். அதில் தப்பு நடப்பது திசையில். சிலவற்றை இரண்டு விதமாகவும் உள்ளே வைத்துவிட முடியும். ஒரு விதம்தான் சரி. ஹோண்டா ஃபில்டர்களில் வெளிப்பக்கம் எது என்று எழுத்திலேயே அச்சிட்டிருக்கும். இல்லாதவற்றுக்கு, பழையதை எடுக்கும்போது அது உட்கார்ந்திருந்த நிலையை போனில் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஸ்பிரிங்கும் சின்ன ஓரிங்கும் பழைய ஃபில்டரில் ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடாமல் பார்க்க வேண்டும். ஓரிங் இல்லாமல் மூடியைப் பூட்டினாலும் வெளியே கசிவு தெரியாத என்ஜின்கள் உண்டு. உள்ளுக்குள்ளேயே ஆயில் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ஓடும்.

வேலை முடிந்ததும் டப்பாவின் மேல் மார்க்கரால் தேதியும் கிலோமீட்டரும், ஊற்றிய ஆயிலின் ரகமும் எழுதிவிட வேண்டும். உப்புக் காற்றில் ஸ்டிக்கர் உரிந்துபோகும், மார்க்கர் கொஞ்ச காலமாவது தாங்கும். கழற்றிய பழைய டப்பாவுக்குள் இன்னும் ஆயில் இருக்கும். மேல்பக்கத்தில் ஒரு துளை போட்டு, வாயைக் கவிழ்த்து ஒரு ராத்திரி விட்டால் வடிந்துவிடும். வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு; பதிவு பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கோ, அவர்களுக்காகச் சேகரிப்பவருக்கோதான் போக வேண்டும். மூடியுள்ள கேனில், தண்ணீரும் டீசலும் கலக்காமல் சேர்த்து வைத்தால் அதற்குக் காசும் கிடைக்கும். பட்டறைக்குப் பின்னால் மணலில் ஊற்றினால் அது தங்காது, மழையோடு இறங்கும்; இறங்கும் இடம் உப்பளத்து வாய்க்காலாகவோ, 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவேலியாகவோ இருக்கும்.